பூசத்திலிருந்து சுவாதி எத்தனை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லித் தட்டில் சட்னியை ஊற்றிக்கொண்டிருந்தேன், அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"டேய், வதைன்னு வருதுடா. எல்லாம் கூடி வந்து கடைசியில இப்படி ஆயிடுச்சே. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிடலாம்னு அத்தான் சொல்றார்."

அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பெண் பூசம். பையன் சுவாதி. பையன் வீட்டார் நம்ம பக்கத்து ஆட்கள்தான், ஆனால் இரண்டு தலைமுறையாகப் புனேவில் இருக்கிறார்கள். குடும்பம் பிடித்திருந்தது, பெண்ணும் பையனும் இரண்டு முறை போனில் பேசியும்விட்டார்கள். ஜோசியரிடம் போவதற்கு முன்னால் நாமே ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று அக்கா பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்து எண்ணியிருக்கிறாள். வதை தாரை வந்துவிட்டது.

"எப்படி எண்ணினே? சத்தமா எண்ணு, கேக்கறேன்" என்றேன்.

"ஆயில்யம் ஒண்ணு, மகம் ரெண்டு, பூரம் மூணு, உத்திரம் நாலு, ஹஸ்தம் அஞ்சு, சித்திரை ஆறு, சுவாதி ஏழு. ஏழாவது வதை."

"பூசத்தை ஏன் விட்டே?"

அந்தப் பக்கம் பேச்சில்லை.

பெண்ணின் நட்சத்திரத்தையே ஒன்று என்று வைத்துத்தான் தொடங்க வேண்டும். பூசம் ஒன்று, ஆயில்யம் இரண்டு என்று போனால் சுவாதி எட்டு. எட்டு என்றால் மைத்திரம், நட்புத் தாரை. ஜாதகத்தில் ஏழாம் இடம் பார்க்கும்போது லக்னத்தை ஒன்று என்று வைத்துத்தானே எண்ணுகிறோம், அதே பழக்கம்தான் இங்கேயும். ஆனால் பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்குப் படித்த தலை, "இதிலிருந்து அது எத்தனை" என்று கேட்டதும் தன்னை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடங்கும்.

இந்த ஒரு விரல் தவறு மற்றக் கணக்குகளில் வரும் தவறு மாதிரி இல்லை. ஏன் என்று தெரிய ஒன்பது தாரைகளையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலாவது ஜென்மம், இரண்டாவது சம்பத்து, மூன்றாவது விபத்து, நான்காவது க்ஷேமம், ஐந்தாவது பிரத்யக், ஆறாவது சாதகம், ஏழாவது வதை, எட்டாவது மைத்திரம், ஒன்பதாவது பரம மைத்திரம். பேரைச் சொன்னாலே பலன் புரிந்துவிடும். பிரத்யக் என்பதை மட்டும் எதிர்ப்பு, தடை என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டைப்படையெல்லாம் நல்லது, ஒற்றைப்படையில் ஒன்பது மட்டும் நல்லது. நல்லதும் ஆகாததும் இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக உட்கார்ந்திருப்பதால், ஒன்று தவறினால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். சம்பத்து ஜென்மமாகும், க்ஷேமம் விபத்தாகும், சாதகம் பிரத்யக் ஆகும், மைத்திரம் வதையாகும். எத்தனை நல்ல வரன்கள் இப்படி ஒரு விரல் தவறித் திரும்பிப் போயினவோ.

எங்கள் அப்பா ஜோசியர் இல்லை. ஆனால் தெருவில் யாராவது இரண்டு ஜாதகத்தோடு வந்தால் நட்சத்திரப் பொருத்தம் மட்டும் பார்த்துச் சொல்வார். இடது கையின் மூன்று விரல்களில் உள்ள மூன்று மூன்று கணுக்கள்தான் அவருடைய கருவி. ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்துப் பெண்ணின் நட்சத்திரத்தைச் சொல்வார். ஒன்பது கணு முடிந்ததும் மறுபடியும் அடிக்கணு. மூன்று சுற்றுப் போனால் இருபத்தேழும் தீர்ந்துவிடும். எண்ணிக்கையை ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பது என்று புத்தகத்தில் போட்டிருப்பதை அவர் கை வகுக்காமலே செய்யும். கட்டைவிரல் எந்தக் கணுவில் நின்றதோ அதுதான் தாரை. முதல் சுற்று ஜென்மம், இரண்டாவது அனுஜென்மம், மூன்றாவது திரிஜென்மம். ஆகாத தாரை முதல் சுற்றில் வந்தால் கடுமை, அடுத்தடுத்த சுற்றில் வந்தால் தணிவு என்பார். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் எந்தப் பாதம் ஆகாது என்பதில் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் பேதம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

அக்காவுக்கு மூச்சு வந்தது. பதினைந்து நிமிஷம்தான். மறுபடியும் போன்.

"எட்டுன்னு நீ சொல்றே. ஆனா அவங்க வீட்டிலேருந்து ஒரு காகிதம் அனுப்பியிருக்காங்க. அதில தாரான்னு போட்டு மூணுக்கு ஒண்ணரைன்னு இருக்கு. சிவப்புல."

வடக்கே நம் பத்துப் பொருத்தம் கிடையாது. எட்டுக் கூட்டம் பார்த்து மொத்தம் 36 புள்ளிக்கு மதிப்பெண் போடுவார்கள். வர்ணத்துக்கு 1, வசியத்துக்கு 2, தாரைக்கு 3 என்று ஏறிக்கொண்டே போய் நாடிக்கு 8. நாம் தினப் பொருத்தம் என்று சொல்வதைத்தான் அவர்கள் தாரை என்கிறார்கள். வித்தியாசம் எண்ணுகிற திசையில். நாம் பெண்ணிலிருந்து பையனுக்கு ஒரு தடவை எண்ணி முடித்துவிடுகிறோம். அவர்கள் பையனிலிருந்து பெண்ணுக்கும் ஒரு தடவை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றரைப் புள்ளி. விபத்து, பிரத்யக், வதை வந்தால் அந்தப் பக்கத்து ஒன்றரை போய்விடும்.

சுவாதியை ஒன்று என்று வைத்து எண்ணிப் பார்த்தேன். ரேவதி பதின்மூன்று, அசுவினி பதினான்கு, அப்படியே போய்ப் பூசம் இருபத்தொன்று. ஒன்பதால் வகுத்தால் மீதி மூன்று. விபத்து. அதுதான் அந்தச் சிவப்பு.

பெண்ணுக்குப் பையன் மைத்திரம், பையனுக்குப் பெண் விபத்து. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு காகிதத்தை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்தேன். இட்லி ஆறிப்போனது வேறு கதை.

போகும் எண்ணிக்கை 8, வரும் எண்ணிக்கை 21. கூட்டினால் 29. வேறு ஜோடி எடுத்தேன். மிருகசீரிடப் பெண், மகப் பையன்: போவது 6, வருவது 23. அதுவும் 29. உத்திரமும் திருவோணமும்: 11, 18. மறுபடியும் 29. யோசித்தால் இது அதிசயமில்லை. போய் வந்தால் இருபத்தேழு நட்சத்திரமும் ஒரு முழுச் சுற்று. இரண்டு பேருடைய நட்சத்திரமும் இரண்டிரண்டு தடவை எண்ணப்படுகின்றன. 27-உம் 2-உம் 29. இருவருக்கும் ஒரே நட்சத்திரமாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது, அங்கே இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஆகவே எண்ணியது சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை கிடையாது. இரண்டு பக்கமும் எண்ணிக் கூட்டுங்கள். 29 வரவில்லையென்றால் எங்கேயோ தவறு. 27 வந்தால், அக்கா மாதிரி இரண்டு தடவையும் தொடக்க நட்சத்திரத்தை விட்டுவிட்டீர்கள்.

அதைவிடச் சுவையான விஷயம் மீதிகளில் இருந்தது. மொத்தம் எப்போதும் 29 என்பதால், ஒரு பக்கத்து மீதி தெரிந்தால் மறுபக்கத்து மீதி தானாகத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் 3 என்றால் மறுபக்கம் 8. ஒரு பக்கம் 5 என்றால் மறுபக்கம் 6. ஒரு பக்கம் 7 என்றால் மறுபக்கம் 4. விபத்துக்கு எதிரே மைத்திரம், பிரத்யக்குக்கு எதிரே சாதகம், வதைக்கு எதிரே க்ஷேமம். எந்த ஜோடியை எடுத்தாலும் இப்படித்தான். ஆகாத தாரை மூன்றும் நல்ல தாரை மூன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சம்பத்தும் பரம மைத்திரமும் மட்டும் ஒன்றுக்கொன்று எதிரே நின்று இரண்டு பக்கமும் நல்லதாக இருக்கின்றன. ஜென்மத்துக்கு எதிரே ஜென்மமே.

அப்படியானால் இரு பக்கமும் கெட்டது என்று ஒரு ஜோடி இந்த உலகத்திலேயே கிடையாது. மூன்று, ஐந்து, ஏழு மட்டுமே ஆகாது என்று கொள்ளும் அந்த முறையில் தாரைக் கூட்டத்துக்குப் பூஜ்யம் விழவே விழாது. ஒன்றரை, இல்லாவிட்டால் மூன்று, அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்கு எதிரே இருபத்தேழு நட்சத்திரத்தையும் நிறுத்தினால் ஒன்பதுக்கு மூன்று புள்ளி, மீதிப் பதினெட்டுக்கு ஒன்றரை. எந்த வரனாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் இருக்கக்கூடிய குறைந்தபட்ச மதிப்பெண்ணே ஒன்றரைதான். மூன்றில் இரண்டு பங்கு வரன்களுக்கு அதுதான் வரும். அதைச் சிவப்பில் அச்சடித்து அனுப்பினால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது?

அக்காவிடம் இதைச் சொன்னேன். கணக்கெல்லாம் அவளுக்கு வேண்டாம். "அப்ப அவங்க ஜோசியர் சொல்றது தப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

தப்பில்லை. இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். நம் முறையில் தினம் மட்டுமல்ல, மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம் எல்லாமே பெண்ணிலிருந்துதான் எண்ணிக்கை. அப்பா இதற்கு ஒரு காரணம் சொல்வார்: "பொண்ணுதானே வீடு மாறிப் போறா. அவ நிக்கிற எடத்துலேருந்துதான் வழி கேக்கணும்." நம் கேள்வி, இந்தப் பையன் இந்தப் பெண்ணுக்கு என்னவாக வருகிறான் என்பது. பூசத்துப் பெண்ணுக்குச் சுவாதிப் பையன் மைத்திரம். இதே இருவரையும் மாற்றிப் போட்டு, பெண் சுவாதி, பையன் பூசம் என்று வைத்தால் நம் ஜோசியரே விபத்து என்று கையை விரித்திருப்பார். நட்சத்திரங்கள் இரண்டும் அதே நட்சத்திரங்கள்தான். பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதுதான் மாறியது. இதைக் கேட்டால் சிலருக்கு நம்பிக்கை கலையும், சிலருக்கு வலுக்கும். எனக்கு என்னவோ, தினப் பொருத்தம் ஒன்றை மட்டும் வைத்து வரனைத் தள்ளுகிற துணிச்சல் அன்றோடு போய்விட்டது.

விரல் விட்டு எண்ண வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தசை வரிசை தெரிந்தால் போதும்: கேது, சுக்கிரன், சூரியன், சந்திரன், செவ்வாய், ராகு, குரு, சனி, புதன். அதுவும் ஒன்பது, அசுவினியில் கேதுவோடு தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பத் திரும்ப வருவது. பூசம் சனியின் நட்சத்திரம், சுவாதி ராகுவின் நட்சத்திரம். சனி ஒன்று, புதன் இரண்டு, கேது மூன்று, சுக்கிரன் நான்கு, சூரியன் ஐந்து, சந்திரன் ஆறு, செவ்வாய் ஏழு, ராகு எட்டு. எட்டேதான். ஆக, தாரை பார்ப்பது என்பது இருவரும் பிறந்த தசைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்ப்பதே. பூசத்துப் பெண்ணுக்குச் சுவாதி எதுவோ அதுவேதான் திருவாதிரையும் சதயமும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மீதி ஒன்று வந்தால் இருவரும் ஒரே தசாநாதனின் நட்சத்திரங்கள். அசுவினி, மகம், மூலம் மாதிரி. இந்த மூன்றும் ரஜ்ஜுவிலும் ஒரே கயிறு, பாத ரஜ்ஜு. இது தற்செயல் இல்லை. ரஜ்ஜு வரிசையும் ஒன்பதுக்கு ஒருமுறை பாதம், தொடை, நாபி, கண்டம், சிரசு என்று ஏறி மறுபடியும் பாதத்துக்கு இறங்குகிறது. ஆகவே பத்தாவது, பத்தொன்பதாவது நட்சத்திரம் என்று எண்ணிக்கை வந்தால் தினம் தவறுவதோடு ரஜ்ஜுவும் கட்டாயம் தட்டும். இரண்டு குறை என்று ஜோசியர் சொன்னாலும் உண்மையில் ஒரே குறையைத்தான் இரண்டு கணக்கில் எழுதுகிறார். ஒரே நட்சத்திரம் என்றால் வழக்கு வேறு. ரோகிணி, திருவாதிரை, மகம், ஹஸ்தம், விசாகம், திருவோணம், உத்திரட்டாதி, ரேவதி ஆகிய எட்டும் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் உத்தமம் என்று விட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் அடிப்படை, நட்சத்திரம் சரியாக இருக்க வேண்டும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நாட்காட்டித் தாளில் ஒரு நட்சத்திரத்தின் பேரும், அது எத்தனை மணி வரை என்றும் போட்டிருக்கும். மாலை 4 மணி வரை பூசம் என்றிருக்கும் நாளில் இரவு 9 மணிக்குப் பிறந்த குழந்தை ஆயில்யம். தாளில் பேரை மட்டும் பார்த்துப் பூசம் என்று எழுதி வைத்துவிட்டால், இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குச் சுவாதி வரன் வரும்போது மைத்திரம் என்று சந்தோஷப்படுவார்கள். ஆயில்யத்திலிருந்து எண்ணினால் சுவாதி ஏழு, நிஜமான வதை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய 21 மணி நேரத்திலிருந்து 27 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும், ஒரு பாதத்துக்குச் சுமார் ஆறு மணி. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் ஒன்றாக இருக்காது. ஆகவே முதல் பாதத்தின் தொடக்கத்திலோ நான்காம் பாதத்தின் கடைசியிலோ பிறந்தவர்கள் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் எண்ண உட்கார வேண்டும். எங்கள் பெண் பூசம் இரண்டாம் பாதம், நடுவில் இருக்கிறாள். கவலை இல்லை.

பேச்சு முன்னேறியது. ஜோசியர் மற்றப் பொருத்தங்களையும், இருவர் ஜாதகக் கட்டங்களையும் பார்த்துச் சரி என்றார். தாரைக் கணக்கு அதோடு விடவில்லை. முகூர்த்த நாளுக்கு மறுபடியும் வந்து நின்றது. அன்றைய நட்சத்திரத்தை இரண்டு பேருடைய நட்சத்திரத்திலிருந்தும் எண்ண வேண்டும். இங்கே நாமும் இரண்டு பக்கமும் எண்ணுகிறவர்கள்தான். தாலி கட்டுகிற நாள் இருவருக்கும் பொது அல்லவா.

மண்டபக்காரர் மூன்று தேதி கொடுத்திருந்தார். ஒன்று உத்திரம், அடுத்த நாள் ஹஸ்தம், இன்னொன்று அனுஷம். மூன்றுமே கல்யாணத்துக்கு உகந்த நட்சத்திரங்கள் என்பதால் அத்தானுக்கு முதல் தேதியிலேயே கண். உத்திரம் ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து எல்லோரும் வருவார்கள். எண்ணினேன். பூசத்திலிருந்து உத்திரம் ஐந்து, பிரத்யக். சுவாதியிலிருந்து உத்திரம் இருபத்தைந்து, மீதி ஏழு, வதை. அனுஷம் பெண்ணுக்குப் பத்து, அனுஜென்மம். பையனுக்கு மூன்று, விபத்து. ஹஸ்தம் பெண்ணுக்கு ஆறு, சாதகம். பையனுக்கு இருபத்தாறு, மீதி எட்டு, மைத்திரம்.

வழக்கமாகச் சொல்லும் பதினொரு விவாக நட்சத்திரங்களையும் போட்டுப் பார்த்தேன். ரோகிணி, ஹஸ்தம், ரேவதி மூன்றுதான் இந்த இருவருக்கும் சேர்ந்து தேறின. உங்களில் யாராவது, "இந்த மாசத்துல அத்தனை முகூர்த்தம் இருக்கே, எங்களுக்கு மட்டும் ஏன் நாளே கிடைக்க மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டிருந்தால், காரணம் இதுதான். பொது முகூர்த்தம் எல்லோருக்கும், தாரா பலம் ஆளுக்கு ஆள்.

"திங்கக்கிழமையா? யாருடா லீவு போட்டுட்டு வருவா?" என்றார் அத்தான். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை முடிவாகிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அப்பா வைத்திருந்த பழைய பஞ்சாங்கத்தில் தினப் பொருத்தம் உள்ள எண்ணிக்கைகளை வரிசையாகப் போட்டிருக்கும்: 2, 4, 6, 8, 9, 11, 13, 15, 18, 20, 24, 26. மீதிக் கணக்குப்படி இதில் 17, 22, 27 மூன்றும் இருக்க வேண்டும், இல்லை. 27-க்கு, இருவரும் ஒரே ராசியானால் சரி, ராசி மாறினால் ஆகாது என்று தனி விதி உண்டு. 22-ஐ வைநாசிகம் என்று விலக்குகிறார்கள். திருப்பி எண்ணினால் அது சரியாக 7 வருகிறது, முதல் சுற்று வதை. ஒருவேளை நம் முன்னோரும் பையன் பக்கத்திலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பார்களோ என்று நான் நினைத்துக்கொள்கிறேன், அது என் ஊகம்தான். 17-ஐ ஏன் விட்டார்கள் என்று பிடிபடவே இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, 17 இருக்கிறதா என்று எழுதுங்கள்.